பூனைக்கு 12 வயது என்றால் மனிதக் கணக்கில் 84 அல்ல, 64

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் பெண் பூனைக்கு 12 வயது. "ஏழால் பெருக்கினால் 84. கிழவி ஆயிட்டா, இளைக்கத்தான் செய்வா" என்கிறார் மாமியார். போன வருடம் 4.2 கிலோ இருந்தது, இப்போது 3.6. இதற்கிடையில் நாலு மாதப் பெண் குட்டி ஒன்றும் வீட்டோடு சேர்ந்துவிட்டது. இந்த வயதுக் கணக்கு சரியா? இரண்டுக்கும் ஒரே சாப்பாடு போடலாமா?

பதில்:

ஒரே சாப்பாடு வேண்டாம். பெரிய பூனை இளைப்பதை வயதின் மேல் போடவும் வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஏன் என்பதற்கு முதலில் அந்த ஏழு கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் இரண்டு பூனைகள் விஷயத்திலும் அது தவறாகத்தான் வழிகாட்டும்.

பூனை ஒரே வேகத்தில் வயதாவதில்லை. முதல் வருடத்திலேயே குழந்தைப் பருவம் முடிந்து, தாயாகவும் முடிகிற உடல் வந்துவிடுகிறது. அதனால் கால்நடை மருத்துவர்கள் முதல் வருடத்தை 15 ஆகவும், இரண்டு வயது முடியும்போது 24 ஆகவும் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு 4 கூட்டினால் போதும். சூத்திரமாக எழுதினால்:

மனித வயது = 24 + (பூனையின் வயது − 2) × 4

உங்கள் பூனைக்கு 24 + (10 × 4) = 64. நாலு மாதக் குட்டி ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை மாதிரி. ஆறு மாதத்தில் அது பத்து வயதைத் தொட்டுவிடும்.

இதை ஏழு கணக்கோடு ஒப்பிட்டால் ஒன்று தெரியும். இரண்டும் ஐந்து வயதை ஒட்டித்தான் ஒத்துப்போகின்றன: அங்கே ஒன்று 36 என்கிறது, இன்னொன்று 35. அதற்கு முன்னால் ஏழு கணக்கு பூனையை மிகவும் சின்னதாகக் காட்டும், அதற்குப் பின்னால் மிகவும் கிழடாகக் காட்டும். ஒரு வயதுப் பூனையை ஏழு வயதுக் குழந்தை என்று நினைப்பவர் கருத்தடையைத் தள்ளிப்போட்டு, ஒரு நாள் துணி அலமாரியில் நாலு குட்டிகளைக் காண்கிறார். பன்னிரண்டு வயதுப் பூனையை 84 என்று நினைப்பவர், மருந்து கொடுத்தால் சரியாகக்கூடிய நோயைக்கூட முதுமை என்று விட்டுவிடுகிறார். 64 வயதில் ஒரு பெண் ஒரே வருடத்தில் காரணமில்லாமல் எட்டரை கிலோ இளைத்தால் வீட்டில் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். உங்கள் பூனை இழந்தது அதே அளவுதான்: 4.2 கிலோவில் 600 கிராம், அதாவது 14 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு அது எட்டரை கிலோ. பூனைக்கு 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. இது வளர்ச்சிப் படிகளை ஒப்பிட்டு வைத்த உத்தேசம்தான். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையும், தேயிலைத் தோட்டத்தில் சுற்றிவரும் பூனையும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. எவ்வளவு அடிக்கடி கவனிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இது உதவும். பூனைக்கு ஒரு மாதம் நமக்கு நாலு மாதம், ஆறு மாதம் என்றால் இரண்டு வருடம். பத்து வயது தாண்டிய பூனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

பருவங்களைக் கால்நடை மருத்துவர்கள் இப்படிப் பிரிக்கிறார்கள்: ஒரு வயது வரை குட்டி, ஒன்று முதல் ஆறு வரை இளமை, ஏழு முதல் பத்து வரை நடுவயது, பத்துக்கு மேல் முதுமை. உங்களிடம் இருப்பது முதலும் கடைசியும். குட்டியிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் வேலைகளுக்கு நாள் குறைவு.

நாலு மாதத்தில் பால்பல் விழுந்து முன்பற்கள் மாறிக்கொண்டிருக்கும். குட்டியின் வயதை நீங்கள் ஊகித்துச் சொல்லியிருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். முன்னால் உள்ள சின்னப் பற்கள் புதிதாகவும் கோரைப்பற்கள் இன்னும் ஊசி போல மெல்லியதாகவும் இருந்தால் நாலு மாதம் சரி. கோரைப்பல்லும் தடித்து வந்துவிட்டால் ஐந்து, ஆறு மாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் கருத்தடைக்கு இன்னும் அவசரம். பெண் குட்டி நாலாவது மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவதில்லை. நம் மலையில் குளிர் இருந்தாலும் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை, அதனால் இங்கே வருடம் முழுவதும் அபாயம்தான். சினை ஒன்பது வாரம். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை அறுவை முடித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு முன் செய்தால் பிற்காலத்தில் மடியில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பும் மிகப் பெரிய அளவில் குறைகிறது.

தடுப்பூசி போட்டதா தெரியவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூனைக் காய்ச்சல், மூக்கொழுகல் நோய்கள் இரண்டு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஊசி உண்டு. இப்போது ஒன்று, மூன்று நாலு வாரம் கழித்து இன்னொன்று, பிறகு ஒரு வயதில் ஒன்று. வெறிநோய் ஊசியைப் பன்னிரண்டு வாரம் தாண்டினாலே போடலாம். வீட்டுக்குள் வளர்ப்பதால் தேவையில்லை என்று நினைக்காதீர்கள், நம் ஊரில் தெருநாயும் காட்டு விலங்கும் வாசல் வரை வரும். குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குட்டி வாரத்துக்கு ஏறத்தாழ நூறு கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் புழுவோ வேறு நோயோ இருக்கிறது.

மலையில் குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீலகிரியில் பசுமைக்குடிலில் லில்லியம் பூ வளர்க்கிறார்கள், அது பூங்கொத்தாக வீட்டுக்கும் வரும். அதன் இதழை மென்றாலோ, ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலோ, ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ பூனையின் சிறுநீரகம் மூன்று நாளுக்குள் செயலிழக்கும். வாந்தி வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். ஓடையோரம் தானாக முளைக்கும் வெள்ளைப் புனல் வடிவப் பூ வேறு செடி, அது வாயை எரித்து எச்சில் வடியச் செய்யும், சிறுநீரகத்தைத் தொடாது. எதுவாக இருந்தாலும் பூங்கொத்து வந்தால் பூனை இல்லாத இடத்தில் வையுங்கள்.

இடையில் உள்ள இரண்டு பருவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், குட்டி அங்கே போகும்போது உதவும். ஒன்று முதல் ஆறு வயது வரை பெரும்பாலும் ஒரே பிரச்சினை கொழுப்பு. கருத்தடைக்குப் பிறகு பூனைக்குத் தேவையான சாப்பாடு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது, ஆனால் பசி கூடுகிறது. தட்டை நிறைத்து வைத்துவிட்டுப் போகாமல் அளந்து போடுங்கள். (ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று எண்ணெய் கொடுக்காதீர்கள். குழாய் அடைத்திருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும்.) ஏழு முதல் பத்து வரை, மனித வயதில் 44 முதல் 56 வரை, செய்ய வேண்டியது பதிவு. நன்றாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை எடை, வருடம் ஒருமுறை இரத்தம், சிறுநீர். அப்போது எடுத்த எண்தான் பிறகு எது மாறியது என்று காட்டும். நீங்கள் 4.2 என்று எழுதி வைத்திருந்ததால்தான் இன்று இந்தக் கேள்வியே கேட்க முடிந்தது.

இனி பெரியவளிடம் வருவோம். இந்த வயதில் இளைப்புக்கு அடிக்கடி வரும் காரணங்கள் நாலு: சிறுநீரகம் மெல்ல மெல்ல கெடுவது, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை, பல். குடலில் வரும் நோயும் உண்டு, ஆனால் முதலில் இந்த நாலைத்தான் பார்ப்பார்கள். டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் இரண்டு நாள் கவனித்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

முதலில் பசி. சாப்பாடு கூடியிருக்கிறது, ஆனாலும் இளைக்கிறது, இரவில் கத்திக்கொண்டு அலைகிறது என்றால் தைராய்டு. பசியும் தாகமும் சேர்ந்து கூடினால் சர்க்கரையும் சந்தேகத்தில் வரும். பசி குறைந்து தாகம் மட்டும் கூடினால் சிறுநீரகம். தட்டுக்கு ஆசையாக வந்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, ஒரு பக்கமாக மட்டும் மென்றால் பல். வாய் நாற்றமும் எச்சிலும் கூட இருக்கும்.

அடுத்து தண்ணீர். குட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, காலையில் 400 மில்லி அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். அதே போன்ற இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு ஊற்றி, பூனைக்கு எட்டாத இடத்தில் அதே அறையில் வையுங்கள், அது ஆவியாகும் அளவைக் காட்டும். இருபத்துநாலு மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். உலர்ந்த சாப்பாடு தின்னும் பூனை கிலோவுக்கு 50 மில்லி வரை குடிப்பது இயல்பு, 3.6 கிலோவுக்கு அது 180. நூறைத் தாண்டினால், அதாவது 360-க்கு மேல் போனால் நோய் என்பது உறுதி. இரண்டுக்கும் நடுவில் வந்தால் சந்தேகம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஈரமான சாப்பாடு கொடுத்தால் அது மிகக் குறைவாகத்தான் குடிக்கும், அப்போது 180-கூட அதிகம்தான். பூனை வெளியே போய்க் குட்டைத் தண்ணீர் குடித்தால் இந்தக் கணக்கு ஒன்றும் சொல்லாது, அதனால் அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் வையுங்கள். அப்போது மண்தட்டில் சிறுநீர்க் கட்டியின் அளவும் தெரியும். தோட்டத்தில் போகப் பழகிய பூனைகளுக்கு நோய் முற்றிய பிறகுதான் தெரியவருவதற்கு ஒரு காரணம், அவை போவதை யாரும் பார்ப்பதில்லை என்பதே.

எடையைக் குளியலறைத் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்க்காதீர்கள். ஆளோடு சேர்த்து எடுத்துக் கழிக்கும்போது நூறு இருநூறு கிராம் மாறி வரும், நீங்கள் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான். காய்கறிக் கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு போல ஒன்றில் கூடையை வைத்து எண்ணைச் சுழியாக்கி, பிறகு பூனையை உட்கார வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சாப்பிடுவதற்கு முன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை, தைராய்டு; சிறுநீரின் அடர்த்தி; இரத்த அழுத்தம். இதில் சிறுநீர் அடர்த்தியை விட்டுவிடாதீர்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பூனை இளைத்துத் தசை கரைந்துவிட்டால், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அந்த எண் நல்லதாகவே காட்டலாம். தவிர, சிறுநீரகத்தின் பெரும்பகுதி வேலையை நிறுத்திய பிறகுதான் அது தெளிவாக ஏறும். சிறுநீர் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரியும். நல்ல சிறுநீரகம் உள்ள பூனையின் சிறுநீர் அடர்த்தி 1.035-க்கு மேல் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் 160-க்கு மேல் நின்றால் கண்ணின் விழித்திரை பிரியலாம். திடீரென்று கருவிழி விரிந்து சுவரில் முட்டிக்கொள்ளும் கிழப்பூனை பல நேரம் இப்படித்தான் பார்வை இழந்திருக்கும்.

இந்தச் சோதனை எல்லாம் மலையில் ஒரே இடத்தில் கிடைக்காமல் கோவைக்கு இறங்க வேண்டி வரலாம். கொண்டை ஊசி வளைவுகளில் பூனை வாந்தி எடுக்கும், அதனால் கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூடையைத் துணி போட்டு மூடி, கால்வைக்கும் இடத்தில் தரையில் வைத்தால் ஆட்டம் குறைவு. கீழே இறங்கியதும் வெயில் காலத்தில் அந்தத் துணியை எடுத்துவிட வேண்டும், மலைப்பூனைக்கு மேட்டுப்பாளையத்துச் சூடு பழக்கமில்லை.

முடிவு வரும் வரை சாப்பாடு எப்படி? புரதத்தைக் குறைக்காதீர்கள். "வயதானால் லேசாகக் கொடு" என்று பால்சோறும் தயிர்சோறும் போடுவது பல வீடுகளில் வழக்கம், அது தசையை இன்னும் கரைக்கும். பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேல் பூனைக்குச் செரிமானம் குறைவதால், உள்ளே போகும் இறைச்சி கூடத்தான் வேண்டும். சோற்றில் டாரின் என்ற சத்து கிடையாது. அது இல்லாமல் போனால் கண்ணும் இதயமும் கெடும். கருவாடு வேண்டாம், உப்பு. தினமும் நாலு சிறு வேளைகளாக, ஈரமான சாப்பாட்டில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கலந்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். கோத்தகிரிக் குளிரில் தட்டில் வைத்த இறைச்சிக்கு மணமே இருக்காது, மூக்கு மங்கிய கிழப்பூனை அதை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். குடிக்கும் தண்ணீரையும் கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். குறைந்த பாஸ்பரஸ் உள்ள சிறுநீரகச் சாப்பாடு சோதனை முடிந்து டாக்டர் சொன்ன பிறகுதான்.

குட்டியின் சாப்பாடு ஒரு வயது வரை குட்டிக்கானதாகவே இருக்க வேண்டும், அதில் எலும்பு வளர பாஸ்பரஸ் அதிகம். அதைச் சிறுநீரகம் கெட்ட பெரியது தின்றால் கெடுதல், பெரியதன் சிறுநீரகச் சாப்பாட்டைக் குட்டி தின்றால் வளர்ச்சி குறையும். தனித்தனியாகத் தின்ன வைக்க எளிய வழி, அட்டைப் பெட்டியில் குட்டி மட்டும் நுழையும்படி எட்டு சென்டிமீட்டர் ஓட்டை போட்டு அதன் தட்டை உள்ளே வைப்பது. குட்டி வளர்ந்து ஓட்டையில் சிக்குவதற்கு முன் இதை நிறுத்திவிட்டு அறைக் கதவைப் பயன்படுத்துங்கள். பெரியதுக்கு மேசை மேல் வைப்பது சரிவராது, ஏனென்றால் அது குதிக்க யோசிக்கும் வயது.

அந்த யோசனைக்குப் பின்னால் பெரும்பாலும் மூட்டு வலி இருக்கும். பன்னிரண்டு தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது, ஆனால் பூனை நொண்டுவது அரிது. அட்டத்தில் ஏறுவதை நிறுத்துவது, முதுகில் ரோமம் சடை பிடிப்பது, மண்தட்டுக்கு வெளியே சிறுநீரோ மலமோ கழிப்பது, இவைதான் அறிகுறி. குளிர்காலக் காலையில் கூடும். படுக்கைக்கு ஏற 15 சென்டிமீட்டர் உயரத்தில் பெட்டிகளைப் படியாக வையுங்கள், மண்தட்டின் ஒரு பக்கத்தை ஏழெட்டு சென்டிமீட்டராக வெட்டிவிடுங்கள். நகத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், தேயாத நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே ஏறும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைக்கலாம். மூடிய அறையில் கரிக்கணப்பு வேண்டாம், அதன் புகை பூனையையும் உங்களையும் கொல்லும். வலிக்கு நம் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது: பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரே மாத்திரை போதும், ஈறு பழுப்பாகி மூச்சு திணறிச் சாகும். இருட்டிய பிறகு அதை வெளியே விடாதீர்கள். காது மந்தமான பூனைக்குச் சிறுத்தை வருவது கேட்காது.

இருபத்துநாலு மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை, வாய் திறந்து மூச்சு விடுகிறது, பின்கால் திடீரென்று இழுத்துச் சில்லிட்டுப் போகிறது என்றால் சோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கொண்டு போங்கள்.

சோதனையில் சிறுநீரகக் கோளாறு என்று வந்தால் அதோடு எல்லாம் முடிந்ததாக நினைக்காதீர்கள். ஆரம்ப நிலையில் பிடித்து, சாப்பாட்டை மாற்றி, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் பல பூனைகள் இரண்டு மூன்று வருடம் நல்ல பசியோடு இருக்கின்றன. தைராய்டுக்குத் தினசரி மாத்திரை உண்டு, கெட்ட பல்லைப் பிடுங்கினால் சில வாரத்தில் எடை திரும்பும். மூன்று வருடம் என்றால் உங்கள் பூனையின் கணக்கில் பன்னிரண்டு: 64-லிருந்து 76.